எம்சிபியின் முகத்தில் எழுதிய எண்கள்

C16 என்று அச்சடித்த ஒரு எம்சிபியின் வழியே 18 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழாது. 21 ஆம்பியர் ஓடினால் மார்கழியில் விழாமல் இருந்துவிட்டு, அதே லோடுக்குச் சித்திரையில் விழக்கூடும். புறப்படும்போது ஒரு நொடி 60 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை அது தடுக்காது. ஷார்ட் ஆகிவிட்டாலோ, நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் இணைப்பை அறுத்துவிடும். நான்கு நடத்தைகளும் சரியானவைதான்; கருவியில் பழுது ஏதும் இல்லை. அப்படியானால் அந்த 16 எதன் அளவு?

எலக்ட்ரீஷியன் வேலைக்கு அப்ரெண்டிஸாக வரும் புதியவருக்கு விளக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். வீட்டுக்காரர்கள் டிபி பெட்டியைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பி, "அடிக்கடி விழுது, பெரிய எம்சிபி போட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள். படத்தில் இருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேயே கிடைக்கும். மீதிப் பாதி படத்தில் விழாது. எது விழும், எது விழாது என்று பிரித்தறிவதும் படிப்பின் ஒரு பகுதிதான்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஒற்றை ஃபேஸ் இணைப்புள்ள வீடு. பெட்டியின் இடது ஓரத்தில், இரண்டு எம்சிபி அகலத்தில், T என்று எழுதிய சிறு பொத்தானுடன் ஒரு கருவி. அதில் 40A, 0.03A என்று இரண்டு அளவுகள். அதற்கு வலப்பக்கம் ஏழு ஒற்றை எம்சிபிகள்: C6, C6, C10, C16, C16, C20, C32. கடைசியில் உள்ள C32 மட்டும் மற்றவற்றைவிட வெளுப்பாக, புதிதாகத் தெரிகிறது. அதன் கீழே பேனாவில் 'ஏசி, ஹீட்டர்' என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது படத்தில் மீட்டர் பலகை. அதில் பீங்கான் ஃபியூஸ் கட்டை, அதன் மேல் 32A 415V.

முதலில் 16க்கு வருவோம். எம்சிபியின் எண் அதன் பின்னால் சுவருக்குள் ஓடும் ஒயருக்காக எழுதப்பட்டது. ஒயரில் மின்னோட்டம் ஓடினால் அது சூடாகும். சூடு ஓர் அளவைத் தாண்டினால் செம்பின் மேலுள்ள பிவிசி உறை இளகும், நாளடைவில் கருகும். அந்த நிலை வராமல் காப்பதே எம்சிபியின் முதல் வேலை. மிக்ஸியையோ ஏசியையோ காப்பாற்ற அது வைக்கப்படவில்லை. ஆகவே C16 என்பதைப் படிக்கும்போது, "இதன் பின்னால் உள்ள ஒயர் 16 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும்" என்று போட்டவர் கொடுத்த வாக்காகத்தான் படிக்க வேண்டும். வாக்கு உண்மையா என்பது ஒயரைப் பார்த்தால்தான் தெரியும்.

எம்சிபிக்குள் இரண்டு காவல்கள் இருக்கின்றன. ஒன்று ஈருலோகத் தகடு. வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை அது. மின்னோட்டம் அதிகமானால் சூடாகி ஒரு பக்கமாக வளையும், வளைந்து போய்க் கொக்கியைத் தட்டிவிடும். வளைவதற்கு நேரம் பிடிக்கும். அளவை மீறியது கொஞ்சம் என்றால் நேரம் அதிகம், மீறியது நிறைய என்றால் நேரம் குறைவு. ஒயர் சூடாவதும் இதே போக்கில்தான் என்பதால், இந்தத் தகடு ஒயரின் சூட்டுக்கு ஏறத்தாழ ஒரு நிழல் மாதிரி நடந்துகொள்கிறது.

எவ்வளவு மீறினால் எவ்வளவு நேரம் என்பதை வீட்டு எம்சிபிகளுக்கான தரநிலை வகுத்திருக்கிறது. கருவியின் முகத்திலோ பக்கவாட்டிலோ IS/IEC 60898-1 என்று இருந்தால் அந்தத் தரநிலையின் கீழ் செய்யப்பட்டது என்று பொருள். 30 டிகிரி சூழலில், குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கி, குறித்த அளவைப் போல 1.13 மடங்கு மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் செலுத்தினால் எம்சிபி விழக்கூடாது. அப்படியே 1.45 மடங்குக்கு உயர்த்தினால், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். C16க்கு இவை 18 ஆம்பியரும் 23 ஆம்பியரும். 2.55 மடங்குக்கு, அதாவது சுமார் 41 ஆம்பியருக்கு, ஒரு நொடிக்குப் பிறகும் ஒரு நிமிடத்துக்கு முன்பும் விழ வேண்டும்.

18க்கும் 23க்கும் இடையே உள்ள பகுதியில் எம்சிபி விழலாம், விழாமலும் இருக்கலாம். தரநிலை இரண்டையும் அனுமதிக்கிறது. தொடக்கத்தில் சொன்ன 21 ஆம்பியர் இந்த இடைவெளியில்தான் விழுகிறது. தகட்டுக்குத் தன் சூடு எது, ஊர் வெயில் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வெயில் அடிக்கும் சுவரில் பெட்டி இருந்தாலும், இரு பக்கத்து எம்சிபிகளும் லோடில் சூடாக இருந்தாலும், தகடு ஏற்கெனவே பாதி வளைந்துதான் நிற்கும். முனையில் திருகு தளர்ந்து அங்கே சூடு பிறந்தாலும் அப்படியே. "கோடையில் மட்டும் விழுகிறது" என்ற புகாரைக் கேட்டவுடன் எம்சிபி கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாமல், லோடு அந்த இடைவெளிக்குள் இருக்கிறதா என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காவல் மின்காந்தச் சுருள். ஷார்ட் ஆகி மின்னோட்டம் சட்டென்று பல மடங்கு எகிறும்போது, தகடு வளையக் காத்திருக்க முடியாது. அப்போது சுருளின் காந்த இழுப்பு ஒரு தண்டை அடித்து இணைப்பைப் பிரிக்கிறது. எத்தனை மடங்கில் அந்த அடி விழும் என்பதைத்தான் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்து சொல்கிறது. B என்றால் 3 முதல் 5 மடங்குக்குள், C என்றால் 5 முதல் 10 மடங்குக்குள், D என்றால் 10 முதல் 20 மடங்குக்குள். B16, C16 இரண்டும் மெதுவான ஓவர்லோடுக்கு ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். உடனடி அடியில் மட்டும் வேறுபடும். ஏசி, ஃபிரிட்ஜ், மோட்டார் போன்றவை புறப்படும் நொடியில் வழக்கத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால் நம் வீடுகளில் C வகையே அதிகம். C16இல் சுருள் 80 ஆம்பியர் வரை உடனே அடிக்காது, 160 ஆம்பியரில் கட்டாயம் அடிக்கும். 60 ஆம்பியர் இழுத்த மோட்டார் தப்பியது இதனால்தான்.

எம்சிபியின் முகத்தில் இன்னும் இரண்டு எண்கள் கட்டத்துக்குள் இருக்கும். நீள்கட்டத்துக்குள் 10000 அல்லது 6000. அதன் கீழோ அருகிலோ சிறு சதுரத்துக்குள் 3. புதியவர்கள் இந்த 10000ஐப் பார்த்து வாட் என்று நினைப்பதுண்டு. அதுவும் ஆம்பியர்தான். ஷார்ட் ஆகும் கணத்தில் எவ்வளவு பெரிய மின்னோட்டம் பாய்ந்தாலும் கருவி உடையாமல் அதை அறுக்க முடியும் என்பதன் உச்ச வரம்பு அது. ஏரி மதகைப் பார்த்தால் இது விளங்கும். மதகு அன்றாடம் திறந்துவிடும் தண்ணீரின் அளவு ஒன்று. வெள்ளம் வரும்போது எவ்வளவு அழுத்தத்துக்கு எதிராகப் பலகையை இறக்கி மூட முடியும் என்பது வேறொன்று. 16 முதல் வகை, 10000 இரண்டாம் வகை. டிரான்ஸ்ஃபார்மருக்கு மிக அருகில் உள்ள கட்டடத்தில் ஷார்ட் மின்னோட்டம் பெரிதாக இருக்கும். கம்பி நீள நீள, தடை கூடி அது குறையும். சதுரத்துக்குள் உள்ள 3, அறுபடும் அந்தச் சிறு நேரத்தில் ஒயருக்குள் போகவிடும் ஆற்றலைக் குறிக்கும் வகுப்பு. மூன்று வகுப்புகளில் 3தான் மிகக் குறைவாக விடுவது. 240/415V என்பது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 240, இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 415 வோல்ட். அருகில் உள்ள அலைக் குறி மாறுமின்னோட்டத்துக்கு உரியது.

இனி இடது ஓரத்தில் உள்ள பெரிய கருவி. 40A என்று இருப்பதால் 40ஐத் தாண்டினால் இதுவும் விழும் என்று நினைக்கத் தோன்றும். விழாது. எண்ணுக்கு முன்னால் B, C போன்ற எழுத்து ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இது ஆர்சிசிபி, பலர் இன்னும் ஈஎல்சிபி என்றே சொல்கிறார்கள். ஃபேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று மட்டும்தான் இது பார்க்கிறது. இரண்டும் உள்ளே ஒரே வளையத்தின் வழியாகச் செல்கின்றன. சமமாக இருந்தால் அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். யாராவது ஃபேஸைத் தொட்டு, கொஞ்சம் மின்னோட்டம் உடல் வழியே தரைக்குப் போனால் சமநிலை கெடும், கருவி விழும். எவ்வளவு கசிந்தால் விழும் என்பதே 0.03A, அதாவது 30 மில்லிஆம்பியர். தரநிலைப்படி இதில் பாதி வரை விழக்கூடாது, 30ஐ எட்டினால் 0.3 நொடிக்குள் விழ வேண்டும். 40A என்பது அதன் தொடுமுனைகள் தொடர்ந்து தாங்கும் அளவு மட்டுமே. அந்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வேறொரு கருவிக்கு உரியது.

சில பெட்டிகளில் இந்த இடத்தில் ஐசொலேட்டர் இருக்கும். படத்தில் அது எம்சிபி மாதிரியே தெரியும். விசையும் அதே வடிவம். ஆனால் எழுத்தும் இருக்காது, 10000 கட்டமும் இருக்காது, டெஸ்ட் பொத்தானும் இருக்காது. அது வெறும் சுவிட்ச். கையால் அணைத்தால் அணையும், தானாக எதற்கும் விழாது. இதை மெயின் எம்சிபி என்று எடுத்துக்கொள்வது படம் பார்ப்பவர்கள் செய்யும் பிழைகளில் மிகப் பரவலானது. ஒரே கருவியில் C16, 0.03A இரண்டும் சேர்ந்து இருந்தால் அது ஆர்சிபிஓ. ஓவர்லோடுக்கும் கசிவுக்கும் இரண்டுக்கும் விழும்.

நம் படத்தில் ஏழு எம்சிபிகளின் கூட்டுத்தொகை 106. முன்னால் இருப்பது 40. இது தவறு என்று அவசரப்பட வேண்டாம். எல்லா லைனும் ஒரே நேரத்தில் முழு அளவை இழுப்பதில்லை. 6 ஆம்பியர் எம்சிபியின் பின்னால் உள்ள விளக்குகளும் ஃபேனும் பெரும்பாலும் ஒன்று, இரண்டு ஆம்பியரோடு நின்றுவிடும். கவலைப்பட வேண்டியது, மொத்தம் 40ஐத் தாண்டினால் நிறுத்துவதற்கு யார் இருக்கிறார்கள் என்பது. பெட்டிக்குள் யாரும் இல்லை. மீட்டர் பலகையில் உள்ள ஃபியூஸ் கட்டைதான் இருக்கிறது.

பீங்கான் ஃபியூஸ் கட்டையின் மேல் உள்ள 32A, அந்தக் கட்டையும் அதன் பித்தளை முனைகளும் தாங்கும் அளவு. உருகுவது உள்ளே கட்டியிருக்கும் கம்பி, அதன் மேல் எண் ஏதும் எழுதியிருக்காது. ஈயம் பூசிய செம்பு ஃபியூஸ் கம்பியில் 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ளது 15 ஆம்பியருக்கும், 0.85 மில்லிமீட்டர் உள்ளது 30 ஆம்பியருக்கும் உரியது. அந்த அளவிலும் உடனே உருகிவிடாது; ஏறத்தாழ இரண்டு மடங்கு ஓடினால்தான் உருகும். ஆக, சரியான 30 ஆம்பியர் கம்பியே கட்டியிருந்தாலும், 40 ஆம்பியர் ஆர்சிசிபியின் வழியே 50 ஆம்பியர் நெடுநேரம் ஓட வழியிருக்கிறது. ஃபியூஸ் கம்பி கிடைக்காமல் ஒயரை உரித்து அதன் இழைகளை முறுக்கிக் கட்டும் பழக்கமும் உண்டு. 0.3 மில்லிமீட்டர் இழைகள் ஐந்தை முறுக்கினாலே 20 ஆம்பியர் கம்பியைவிடத் தடித்துவிடும். பத்து இழை கட்டியவர் காவலையே எடுத்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். படத்தில் இது எதுவும் தெரியாது. கட்டையின் மேல் எழுதிய எண்ணை ஃபியூஸின் அளவாக எழுதிக்கொள்ளக் கூடாது. 'கட்டை 32A, கம்பி தெரியாது' என்று எழுதிக்கொள்வதே சரி.

இப்போது அந்த வெளுப்பான C32. பழைய ஆறு எம்சிபிகளுக்கு இடையே ஒன்று மட்டும் புதியது, அளவிலும் மிகப் பெரியது, பக்கத்தில் இரண்டு கருவிகளின் பெயர். நடந்ததைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அந்த இடத்தில் முதலில் C16 இருந்திருக்கும். 3000 வாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை டன் ஏசி சுமார் 8 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து ஓடினால் 21. முன்பு பார்த்த அதே இடைவெளி. சில நாள் விழாது, சில நாள் விழும். தொல்லை தாங்காமல் யாரோ பெரியதாக ஒன்றை மாட்டியிருப்பார்கள். அதன்பின் விழவே இல்லை. எம்சிபி மாறியது, ஒயர் மாறியதா என்பதுதான் இப்போது கேள்வி.

பின்னால் இருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்று வைத்துக்கொள்வோம். சுவரில் பதித்த குழாய்க்குள், 30 டிகிரி சூழலில், அது தாங்குவது 24 ஆம்பியர். அந்த அளவில் பிவிசி தன் வரம்பான 70 டிகிரியைத் தொடும். அதாவது சூழலைவிட 40 டிகிரி கூடுதல். சூழலே 40 டிகிரி என்றால் 21 ஆம்பியருக்கு மேல் தாங்காது. இன்றைய 21 ஆம்பியர் லோடு, கோடையில் சரியாக விளிம்பில் நிற்கிறது. நாளை அதே லைனில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றைச் செருகினால் மின்னோட்டம் 30ஐ எட்டும். சூடு மின்னோட்டத்தின் இருமடியாக ஏறும். 24இலிருந்து 30க்குப் போனால் சூடு ஒன்றரை மடங்கைத் தாண்டும். 40 டிகிரி கூடுதல் என்பது 60க்கு மேல் ஆகிவிடும். 30 டிகிரி நாளில் ஒயர் 90 டிகிரிக்கு மேல், 40 டிகிரி நாளில் 100க்கு மேல். C32க்கு 30 ஆம்பியர் சாதாரண லோடு. அது ஒருபோதும் விழாது.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு, எர்த்தோடு தொடர்புடையது. ஹீட்டரின் உள்ளே ஃபேஸ் அதன் உலோக உடலைத் தொட்டுவிட்டது என்று கொள்வோம். வீட்டு எர்த் குழியிலிருந்து மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் வரை மொத்தத் தடை 5 ஓம் இருந்தால், 230 வோல்ட்டுக்கு ஓடுவது 46 ஆம்பியர்தான். C16இன் சுருள் 80 வரை அசையாது என்பதால் உடனடி அடி கிடையாது. ஆனாலும் 46 என்பது 16ஐப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. தகடு ஒரு நிமிடத்துக்குள் வளைந்து அறுத்துவிடும். C32க்கு அதே 46 ஆம்பியர் 1.45 மடங்குக்கும் ஒரு மயிரிழை குறைவு. ஒரு மணி நேரம் வரை, ஏன் அதற்கு மேலும், அது சும்மா இருக்கலாம். அந்த நேரம் முழுவதும் ஹீட்டரின் உடலிலும் குழாயிலும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் இருக்கும். அந்த வீட்டில் உயிரைக் காப்பது 0.03A கருவி ஒன்றுதான். அது வேலை செய்கிறதா என்பதைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. T பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்ல வேண்டும். பொத்தான் கருவியின் உள்வேலையை மட்டும் சோதிக்கிறது, எர்த் இருக்கிறதா என்பதை அல்ல.

படத்தில் தெரியாத பெரிய விஷயம் ஒயரின் தடிமன். மூடி போட்ட பெட்டியில் ஒயரே தெரியாது. மூடி கழற்றிய படத்திலும் உறையின் பருமனைப் பார்த்து அளவு சொல்லக் கூடாது. உறையின் தடிமன் ஒயருக்கு ஒயர் மாறும். உறையின் மேலேயே 2.5 அல்லது 4 என்று சதுர மில்லிமீட்டர் அளவு திரும்பத் திரும்ப அச்சடித்திருக்கும். அந்த எழுத்து தெரியும்படி எடுத்த படம்தான் சான்று. ஆனால் வீட்டுக்காரரை மூடியைக் கழற்றச் சொல்லவே கூடாது. எல்லா எம்சிபிகளையும் கீழே இறக்கியிருந்தாலும், அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் செம்புப் பட்டையில் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும். மெயினுக்கு முன்னால் நிறுத்தி, டெஸ்டரால் பார்த்துவிட்டு, வேலை தெரிந்தவர் திறக்க வேண்டிய இடம் அது. மூடிய படத்திலேயே கவனிக்கக்கூடிய ஒன்று நிறம்: எம்சிபியின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அங்கே திருகு தளர்ந்து சூடாகியிருக்கிறது. அந்த லைனின் லோடு கணக்கில் சரியாக இருந்தாலும் அது விழுந்துகொண்டிருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே இந்தப் படத்துக்கு எழுதும் பதில் ஒயரைப் பொறுத்து மூன்றாகப் பிரியும். பின்னால் 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் இருந்தால், 40 டிகிரி சூழலிலும் அது சுமார் 36 ஆம்பியர் தாங்கும், C32 இருக்கலாம். 4 சதுர மில்லிமீட்டர் என்றால் அதே சூழலில் சுமார் 28தான். C25க்கு இறக்க வேண்டும், 21 ஆம்பியர் லோடுக்கு அது தாராளம். 2.5 என்றால் C32ஐ அன்றே கழற்றிப் பழைய C16ஐ மாட்டிவிட்டு, ஹீட்டருக்குப் பெட்டியிலிருந்து தனி லைன் இழுத்துத் தனி C16 கொடுக்க வேண்டும். 13 ஆம்பியர் ஒன்றிலும் 8 ஆம்பியர் மற்றொன்றிலும் ஓடும், எந்த வெயிலிலும் இரண்டும் விழாது. லைன் இழுக்கும் வரை ஹீட்டரும் ஏசியும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. மூன்று நிலையிலும் ஆர்சிசிபிக்கு முன்னால் ஒரு இரட்டை முனை C32 எம்சிபி போட வேண்டும். 40A தொடுமுனைகளுக்கு அப்போதுதான் காவல் கிடைக்கும், ஃபியூஸ் கட்டைக்குள் யார் என்ன கம்பி கட்டியிருக்கிறார்கள் என்பதை நம்பி இருக்கவும் வேண்டாம்.